அருகில் இருந்தவளுக்கு ஒரு கடிதம்

ஊரில் இருந்து அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு, வெளியூரில் இருக்கும் தம்பி தங்கைகள் அனுப்பும் நன்றிச் செய்தி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ‘நீ எங்களுக்கு இன்னொரு அம்மா’, ‘எங்க குலதெய்வமே நீதான்’, ‘உன் தியாகத்துக்கு ஈடே இல்லை’. கூடவே கைகூப்பும் படங்கள் நான்கு. மகளிர் தினத்தன்றோ அவள் பிறந்தநாளிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். அவளும் பதிலுக்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு, அப்பாவின் போர்வையை மாற்றப் போய்விடுவாள்.

அனுப்பியவரின் நன்றி உண்மையானதுதான். ஆனால் அந்த வரிகளில் அவள் செய்த வேலை ஒன்றுகூட இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இன்னொன்றும் இருக்கிறது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் அதற்கு முதுகு வலிக்காது, எரிச்சல் வராது, லீவு தேவைப்படாது என்றாகிவிடுகிறது. புகழ்ந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அவளுக்கு அன்றைய இரவும் அப்படியேதான் கழிகிறது.

அந்த உடன்பிறப்புக்கு எதை எழுதினால் அவள் மனதில் போய்ச் சேரும்? இதை விளக்கக் கோவில்பட்டியில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை, அண்மையில் மறதியும் சேர்ந்துகொண்டது. மூத்தவர் புனேயில், கடைசித் தம்பி ஷார்ஜாவில். நடுவில் பிறந்த அக்கா அதே ஊரில், இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுக்கப்பட்டவர், அரசுப் பள்ளி ஆசிரியை. இந்தக் குடும்பம் கற்பனை, ஆனால் இதில் வரும் வேலைகள் எதுவும் கற்பனை இல்லை.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் மட்டுமல்ல, ராத்திரியிலும். இல்லாவிட்டால் முதுகின் அடியில் வால் எலும்பு இருக்கும் இடத்திலும் குதிகாலிலும் இடுப்பெலும்பின் மேலும் ரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப்புண் வந்துவிடும். புண்ணாவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தோல் சிவந்திருக்கும் இடத்தில் விரலால் அழுத்தி எடுத்தால், நல்ல தோல் ஒரு கணம் வெளிறிவிட்டுத் திரும்பச் சிவக்கும். வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கறுத்த நிறத்தவர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் சூடாக இருக்கிறதா, கல் போலிருக்கிறதா, கொழகொழப்பாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அக்கா ஒவ்வொரு நாளும் அப்பாவின் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறாள். காற்று மெத்தை வாங்கியாயிற்று, ஆனால் மின்சாரம் போனால் அதன் மோட்டார் நின்றுவிடும். அதனால் கரண்ட் போகும் ராத்திரிகளில் அவள் தூங்குவதில்லை.

சாப்பாடு ஊட்டுவதும் லேசான வேலை இல்லை. பக்கவாதத்தில் பலருக்கு விழுங்கும் திறனும் போய்விடும். தண்ணீர் போல மெல்லியது சட்டென்று மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், அதிலிருந்து நிமோனியா வரும். அதனால் நேராக உட்காரவைத்து, மருத்துவர் சொன்ன பதத்தில் கெட்டியாக்கி, சிறிய கரண்டியில் கொடுத்து, ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கியதா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். ஊட்டி முடித்த பிறகும் அரைமணி நேரம் படுக்கவிடக் கூடாது. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் அவள் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும்.

அம்மாவுக்கு இன்சுலின். ஊசியைத் தினமும் ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் தடித்துப்போய் மருந்து சரியாக ஏறாது என்பதால் வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். மறதி உள்ளவர்களிடம் இன்னொரு சங்கடம், சாப்பிட்டோமா இல்லையா என்பதே நினைவில் இருக்காது. சாப்பிடாமல் படுத்துவிட்டால் விடியற்காலையில் சர்க்கரை தாழும். உடம்பு வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். மறதியின் குழப்பமா, தாழ்சர்க்கரையின் குழப்பமா என்று அந்த நேரத்தில் பிரித்தறிய வேண்டும். விரலில் குத்திப் பார்த்து 70-க்குக் கீழே இருந்தால், அம்மாவால் விழுங்க முடிகிறதென்றால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடியும் குத்திப் பார்க்க வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு, பக்கத்தில் யாருமில்லாமல், அந்தக் கால் மணி நேரத்தை அவள் எத்தனையோ தடவை கழித்திருக்கிறாள். ஷார்ஜாவுக்கு அது தெரியாது, ஏனென்றால் காலையில் போனில் ‘அம்மா நல்லா இருக்காங்க’ என்றுதான் சொல்வாள். அந்நேரம் அம்மாவும் நன்றாகத்தான் இருப்பார்.

இவை உடம்பால் செய்யும் வேலைகள். இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மறதிநோய் வந்தவர் தன் பயத்தையும் கோபத்தையும் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் கொட்டுவார். ‘எனக்குச் சோறே போடல’, ‘என் வளையலை எடுத்துட்டா’ என்று அம்மா அக்காவைத்தான் பக்கத்து வீட்டில் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தம்பி முகத்தைப் பார்த்ததும் மலர்ந்துபோய், ‘என் பிள்ளைதான் என்னை மறக்காம கூப்பிடுறான்’ என்பார். போனைக் கையில் பிடித்துக் காட்டிக்கொண்டிருப்பவள் அக்கா. அது நோயின் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் வலிக்காமல் இருக்காது.

1980-ல் ஸ்டீவன் சாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் மறதிநோய் உள்ள முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொண்ட 29 பேரிடம், அவர்களுடைய பாரம் எவ்வளவு, எதனால் கூடுகிறது என்று விசாரித்தார்கள். நோயாளியின் தொந்தரவு கூடக்கூட பாரமும் கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி அவர்களுக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொள்பவரின் பாரத்தோடு தொடர்புடையதாக அவர்கள் கண்டது, குடும்பத்தில் மற்றவர்கள் அந்த முதியவரை எத்தனை முறை வந்து பார்க்கிறார்கள் என்பதுதான். மற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் வந்துபோன வீடுகளில் பாரம் குறைவாக உணரப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் அதிலிருந்து பிறந்த வினாத்தாளை இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். நன்றி சொல்ல உட்காரும் தம்பிக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. அக்காவை அழுத்துவது அப்பாவின் எடை மட்டுமல்ல, தான் மட்டும் இருக்கிறோம் என்பதும்தான்.

வந்தாலும் எப்படி வருகிறோம் என்பது முக்கியம். 1991-ல் முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையில் சில மருத்துவர்கள் இதற்கு ‘கலிபோர்னியா மகள்’ என்றே பெயர் வைத்தார்கள். நெடுநாள் வராத பிள்ளை கடைசிக் கட்டத்தில் தொலைவிலிருந்து வந்து இறங்கி, ‘ஏன் அதைச் செய்யலை, ஏன் இதைப் பண்ணலை’ என்று மருத்துவரோடும் கூட இருந்தவர்களோடும் மல்லுக்கட்டுவது. நம் வீடுகளில் இது ‘அம்மா ஏன் இப்படி மெலிஞ்சிட்டாங்க?’ என்று தொடங்கும். விமான நிலையத்திலிருந்து வந்த களைப்போடு கேட்கும் சாதாரணக் கேள்விதான் அது. அக்காவின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்.

எழுதுவதற்கு முன் விஷயம் தெரிய வேண்டும். அதை அவளிடமே கேட்டால் கிடைக்காது. ‘என்ன பெருசா செஞ்சுட்டேன்’ என்று முடித்துவிடுவாள். மருந்துக் கடைக்காரரைக் கேளுங்கள், எத்தனை மணிக்கெல்லாம் கதவைத் தட்டியிருக்கிறாள் என்று சொல்வார். வழக்கமாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரரைக் கேளுங்கள். ஃபைலைப் பிரித்து மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாகப் புரட்டுங்கள். சர்க்கரை அளவு குறித்துவைத்த நோட்டு ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு என்று இரண்டு வரிசை, ஓரத்தில் பென்சிலால் ‘சாப்பிடலை’, ‘2.40-க்கு வேர்த்தது’, ‘அப்பா இருமல்’. எழுத்து ஒழுங்காகத் தொடங்கிப் போகப்போகக் கோணலாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த விடுமுறையில் இரண்டு ராத்திரி அவளை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்களே அப்பாவைப் புரட்டிப் போடுங்கள். அதற்குப் பிறகு எழுதினால் ‘தியாகம்’ என்ற சொல் தேவைப்படாது.

இதையெல்லாம் செய்துவிட்டு ஷார்ஜாத் தம்பி எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*அக்காவுக்கு,*

*போன மாசம் நான் வந்திருந்தப்ப ரெண்டு ராத்திரி அப்பாகூடப் படுத்தேன். பன்னிரண்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் அலாரம் வச்சேன். நாலு மணி அலாரம் அடிச்சது எனக்குத் தெரியவே இல்லை, நான் தூங்கிட்டேன். நீ இதை மூணு வருஷமா செய்யிறே. அப்பா முதுகுல இன்னிக்கு வரைக்கும் ஒரு புண் இல்லை. பார்க்க வந்த நர்ஸம்மா என்கிட்ட அதைச் சொல்லித்தான் எனக்கு அதோட அர்த்தமே புரிஞ்சுது.*

*அம்மாவோட சர்க்கரை நோட்டை எடுத்துப் படிச்சேன். உன்கிட்ட கேட்காமதான் எடுத்தேன். பிப்ரவரியில ஒரே வாரத்துல மூணு ராத்திரி சர்க்கரை இறங்கியிருக்கு. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை நான் பேசினேன், நீ எதுவும் சொல்லலை. எனக்கு இங்க வேலை மாறுற நேரம்னு சொல்லாம விட்டிருப்பே. நான் அந்த வேலையில நிம்மதியா சேர்ந்ததுக்குக் காரணம் நீ அன்னைக்கு முழிச்சிருந்தது.*

*வளையலை நீ எடுத்துட்டேன்னு அம்மா சொன்னதா சித்தி என்கிட்ட போன்ல சொன்னாங்க. அது நோய்தான், அக்கா அப்படி இல்லைன்னு அன்னைக்கே சித்திகிட்ட சொல்லிட்டேன். பெரியண்ணனும் சொல்லிட்டாங்க. உன்னைப் பத்தி எங்க மனசுல ஒரு சந்தேகமும் இல்லைங்கிறதை எழுத்துலயே வச்சுக்கோ.*

*தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தப்ப இப்போதைக்கு வேண்டாம்னு நீ எழுதிக் கொடுத்ததை மச்சான்தான் சொன்னாங்க. அப்பா உட்கார்ந்த அதே மாதிரி நாற்காலி உனக்கு வந்துச்சு, நீ விட்டுக்கொடுத்திருக்கே. அதுல நான் என்ன செஞ்சாலும் சரியாகாது. மச்சானும் உன் மாமியாரும் உன்னை இங்க விட்டாங்கங்கிறதையும் நான் மறக்கலை. அவங்களுக்குத் தனியா எழுதியிருக்கேன்.*

*மே 5-ல இருந்து பதினஞ்சு நாள் லீவு போட்டு, டிக்கெட்டும் எடுத்துட்டேன். அந்தப் பதினஞ்சு நாளும் நீ வீட்டுக்கு வர வேண்டாம். எங்கேயாவது போ, இல்லாட்டி உன் வீட்டுல தூங்கு. ராத்திரிக்கு ஒரு ஆள் வைக்க நானும் அண்ணனும் பேசிட்டோம், சம்பளத்தை மாசம் முதல் தேதி மாத்தி மாத்தி அனுப்பிடுவோம். ஆளை நீ பார்த்துப் பிடிச்சிருந்தா வை, பிடிக்கலைன்னா வேற பார்க்கலாம். இதுக்கு நீ பதில் போடணும்னு இல்லை.*

*தம்பி*

இந்தக் கடிதத்தில் புகழ்ச்சி என்று ஒரு வரி தேடினாலும் கிடைக்காது. புண் இல்லாத முதுகு இருக்கிறது. நடக்காமல் போனதைக் கவனிப்பதுதான் கவனிப்புக்குச் செய்யும் பெரிய மரியாதை என்று நான் நினைக்கிறேன். விழாமல் இருந்த கீழே விழுதல், வராமல் போன நிமோனியா, இவை எந்த ஃபைலிலும் பதிவாவதில்லை. பார்த்துக்கொண்டவளுக்கு மட்டும்தான் அதன் கணக்குத் தெரியும்.

இரண்டாவதாக, அவள் சொல்லாமல் விட்டதைத் தம்பி கண்டுபிடித்து, அதனால் தனக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ‘எங்க நிலைமை அப்படி, வர முடியலை’ என்று நாலு பத்தி எழுதுவார்கள். அதைப் படித்து அவர்களைத் தேற்றுவதும் அக்காவின் வேலையாகிவிடும். இங்கே அது ஒரு வரிகூட இல்லை. ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பதும் இல்லை. அந்த வாக்கியம், என்ன வேண்டும் என்று யோசித்து, கேட்கக் கூச்சப்பட்டு, கடைசியில் கேட்காமல் இருக்கும் பொறுப்பையும் அவளிடமே தள்ளிவிடுகிறது. தேதியும் டிக்கெட்டும் சம்பளமும் அவளைக் கேட்க வைக்காமலே வந்துவிட்டன. ஆளைத் தேர்ந்தெடுப்பது மட்டும் அவள் கையில் இருக்கிறது, அது அவள் வீட்டு நிர்வாகம் என்பதால்.

பணம் அனுப்ப முடியாதவர்களும் செய்ய முடிந்தது உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிதணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க அதில் இடம் உண்டு. அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசிப் பதிவு செய்து, தொடர்ந்து விசாரிப்பதைப் புனேயில் இருந்தபடியே ஒருவர் செய்யலாம். ஓய்வூதியர் நேர்காணல், காப்பீட்டுத் தாள்கள், மின்கட்டணம் இவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடிதத்தில் ‘இனி இது என் பொறுப்பு’ என்று ஒன்றே ஒன்றை எழுதி, அதை விடாமல் செய்தால் போதும்.

எப்போது கொடுப்பது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா அம்மா இருக்கும்போதே கொடுப்பது நல்லது. பலர் பதினாறாம் நாள் காரியம் வரை காத்திருந்து, சொந்தக்காரர்கள் முன்னால் இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். அதே வாரத்தில்தான் வீட்டைப் பற்றிய பேச்சும் வரும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும் நாளுக்குப் பக்கத்தில் எந்தப் பாராட்டையும் வைக்காதீர்கள். அவள் அதை முன்பணமாகத்தான் எடுத்துக்கொள்வாள், அதில் தவறும் இல்லை. அதேபோல, ‘உனக்கும் ஒரு பங்கு தர்றோம்’ என்பதை நன்றியாக எழுதக் கூடாது. இந்துக் குடும்பங்களில் அப்பா உயில் எழுதாமல் போனால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956-ம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2005-ல் அதைத் திருத்தியபோது பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை வந்தது. அவளுடையதை அவளுக்குக் கொடுப்பது பரிசாகாது. சமபங்குக்கு மேல், பார்த்துக்கொண்டதற்காக ஏதாவது செய்ய விரும்பினால் அண்ணன் தம்பிகள் தங்கள் பங்கிலிருந்து செய்யட்டும், அது வேறு பேச்சு.

அப்பா போன பிறகு எழுதுவதானால் கடிதத்தின் மையம் மாறுகிறது. அப்போது அவளைத் தூங்கவிடாதது செய்த வேலைகள் அல்ல, எடுத்த ஒரு முடிவு. கடைசி நிமோனியாவில் மருத்துவர், ‘வென்டிலேட்டர் போடணுமா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?’ என்று கேட்டிருப்பார். அண்ணனுக்குப் போன் கிடைத்திருக்காது, தம்பி விமானத்தில் இருந்திருப்பான். அவள் ஒருத்தி நின்று பதில் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசியிருக்க மாட்டார்கள், சங்கடம் வேண்டாமே என்று. அந்த மௌனத்தை அவள் வேறு மாதிரி வாசித்துக்கொண்டிருப்பாள்: இவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் மனசில் வைத்திருக்கிறார்கள் என்று. அதனால் அந்தக் கடிதத்தில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது: ‘அப்பாவை அன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது சரிதான் அக்கா. நாங்க அங்க இருந்திருந்தாலும் உன்கிட்டதான் கேட்டிருப்போம்.’